பையில் சக்கரவள்ளி: மண் ஏற்றுவதும் கிழங்கு எடுப்பதும்

சுங்கை சிப்புட், கூலிம், பகாவ் மாதிரியான தோட்டப்புற டவுன்களில் பையில் கிழங்கு போட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் உருளைக்கிழங்கில்தான் தொடங்குகிறார்கள். கடையில் வாங்கியது முளை விட்டிருக்கும், அதைப் பையில் புதைப்பார்கள். செடி பச்சைப்பசேலென்று ஒரு முழம் வளரும். மூன்று மாதம் கழித்துப் பையைக் கவிழ்த்தால் கோலிக்குண்டு அளவில் நாலைந்து கிடக்கும். இதில் நட்டவர் கையில் தப்பு எதுவும் இல்லை. உருளைச் செடி கிழங்கு கட்டுவதற்கு இரவுக் குளிர் வேண்டும். இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் அது இலையில் சேர்த்த மாவை மண்ணுக்குள் அனுப்பும். நம் பக்கம் விடியற்காலையில்கூட 23, 24 டிகிரிதான். கேமரன் மலையில் அத்தை வீடோ சித்தப்பா வீடோ இருந்தால் அங்கே போடச் சொல்லலாம். இங்கே போட வேண்டியது சக்கரவள்ளி, அதாவது பசாரில் கெலேடெக் என்று கேட்டு வாங்குவது.

ஆனால் உருளைக்குச் சொல்லப்பட்ட இரண்டு விதிகளைச் சக்கரவள்ளிக்கும் அப்படியே பிடித்துக்கொள்வதால்தான் பாதிப் பைகள் வீணாகின்றன. முதல் விதி, செடி உயர உயரத் தண்டை மண்ணால் மூடிக்கொண்டே போ என்பது. இரண்டாவது, இலை பழுத்துக் காய்ந்ததும் கிழங்கை எடு என்பது. சக்கரவள்ளிக்கு இரண்டுமே பொருந்தாது.

உருளை என்பது தண்டு. மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து பக்கக் கிளைகள் ஓடி, அவற்றின் நுனி பருத்துக் கிழங்காகிறது. அதனால் தண்டு மண்ணுக்குள் மறைந்திருக்க வேண்டும், கிழங்கின் மேல் வெயில் படக் கூடாது. வெயில் பட்ட உருளை பச்சையாகி நஞ்சாகிவிடும். சக்கரவள்ளியோ வேர். நட்ட கொடித்துண்டின் கணுக்களில் முதல் சில வாரங்களில் இறங்கும் வேர்களில் சில மட்டும் பருக்கும். எந்த வேர் பருக்கும், எது வெறும் நாராக நிற்கும் என்பது ஏறக்குறைய முதல் மாதத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு கொடியின் மேல் பத்து, பதினைந்து சென்டிமீட்டர் மண்ணைக் கொட்டினால் மூடிய கணுக்களில் புதிய வேர்கள் கிளம்பும். அவை பென்சில் தடிமனைத் தாண்டாது, ஆனால் பருக்க வேண்டிய வேருக்குப் போகிற சத்தைப் பங்கு கேட்கும். கீழே கிழங்குக்குக் காற்றும் குறையும்.

அப்படியானால் மண்ணே ஏற்ற வேண்டாமா என்றால், ஏற்றத்தான் வேண்டும். காரணம் மட்டும் வேறு. பைமண் நாளாக நாளாக அமுங்கும், சாயங்கால மழை மேல்மண்ணை அரித்துப் போகும், கிழங்கு பருக்கும்போது மேல்மண் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகத்தான் கூன்வண்டு உள்ளே இறங்குகிறது. மண்ணைத் தோண்டிப் போக அதனால் முடியாது. திறந்த வழி இருந்தால்தான் கிழங்கை எட்டும். ஆகவே சக்கரவள்ளிக்கு மண் ஏற்றுவதை ஓட்டை அடைக்கும் வேலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, தேவைப்படும் இடத்தில்.

பையும் மண்ணும்

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 16 அங்குலப் பாலிபேக்கில் மண் நிரப்பினால் பதினெட்டு லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது போதும், சக்கரவள்ளிக்குக் குறைவு. 40 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள துணிப்பை சரியாக இருக்கும். அது இல்லையென்றால் 25 கிலோ அரிசி மூட்டையின் வாயை வெளிப்பக்கமாக இரண்டு மடிப்பு மடித்து அந்த உயரத்துக்குக் கொண்டுவரலாம். அடியில் பென்சில் நுழையும் அளவில் பத்து ஓட்டை போடுங்கள். உரம் வந்த மூட்டையானால் உட்புறத்தை நன்றாக அலசிவிடுங்கள், ஒட்டியிருக்கும் உரம் இளவேரைக் கருக்கிவிடும்.

பையை வெறும் தரையில் வைக்காமல் நாலு செங்கல் மேல் வையுங்கள். தரையில் வைத்தால் வேர் அடி ஓட்டை வழியாக இறங்கி, நல்ல கிழங்கு பைக்கு வெளியே தரைக்குள் விளையும். அதை அங்கிருந்து உடையாமல் எடுப்பது பெரும்பாடு. குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். வீட்டுப் பின்கட்டில் மாமர நிழலில் வைத்தால் கீரைதான் கிடைக்கும்.

மண் கலவைக்குப் பத்து லிட்டர் வாளி ஒன்றை அளவாக வைத்துக்கொள்ளலாம். தோட்டத்துச் செம்மண் ஒன்றரை வாளி, ஆற்று மணல் ஒரு வாளி, தென்னை நார்த்தூளோ கருக்கிய உமியோ ஒரு வாளி, மக்கிய எரு அரை வாளி. செம்மண்ணை மட்டும் போட்டால் மழையில் குழைந்து வெயிலில் கல்லாகிவிடும், கிழங்கு கோணலும் ஒல்லியுமாக வரும். பேராக்கில் பழைய ஈயச் சுரங்கத்து மணல் நிலங்களில் சக்கரவள்ளி பயிராவதை நினைத்துக்கொண்டால் அதற்கு எப்படிப்பட்ட மண் பிடிக்கும் என்று புரியும். கோழி எரு போட விரும்பினால் நன்றாகக் காய்ந்து மக்கியது இரண்டு கைப்பிடி போதும். அதில் தழைச்சத்து அதிகம். அது கூடினால் கொடி ஓடும், கிழங்கு தங்காது.

செம்பனைக் குலையை எரித்த சாம்பல் கிடைத்தால் மூன்று மேசைக்கரண்டி கலந்துகொள்ளுங்கள். அதில் சாம்பல்சத்து நிறைய உண்டு, கிழங்கு பருக்க வேண்டியது அதுதான். நல்லது என்று கிண்ணம் கிண்ணமாகக் கொட்டிவிடாதீர்கள். காரத்தன்மை ஏறிப்போனால் இலை நரம்புக்கு நடுவே வெளுக்கத் தொடங்கும்.

இந்தக் கலவை தண்ணீர் விட்டதும் அமுங்கி, 40 சென்டிமீட்டர் பையில் 28 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். மேலே காலியாக இருக்கும் இடம் பின்னால் மண் ஏற்றுவதற்காக. இதே கலவையில் இன்னும் ஒரு வாளி கலந்து, மழை படாத இடத்தில் மூடி வைத்துவிடுங்கள். பிறகு மண் தேடி அலைய வேண்டியிருக்காது.

கொடித்துண்டு

கிழங்கையே நடுவது எளிது போலத் தெரியும். ஆனால் அது முளைத்துக் கொடியாக ஒரு மாதத்துக்கு மேல் போய்விடும், கிழங்குக்குள் ஒளிந்திருக்கும் வண்டுப் புழுவும் கூடவே வரும். பசாரில் கீரைக்கென்று கட்டி விற்கும் கெலேடெக் இலைக்கட்டிலிருந்து நட்டாலும் ஏமாற்றம்தான். அது பெரும்பாலும் தழைக்காகவே வளர்க்கும் ரகமாக இருக்கும். கிழங்குக்காக வளர்க்கிறவர்களிடம் கேட்டுக் கொடி நுனி வாங்குங்கள். ரகம் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், மார்டி வெளியிட்ட ரகங்களில் ஆரஞ்சுச் சதைக்கு விதாத்தோவும் ஊதாச் சதைக்கு அங்குனும் உண்டு.

நுனியிலிருந்து 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். அடிப்பக்கம் நாலு கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈரத்துணியில் சுற்றி ஒரு நாள் நிழலில் வையுங்கள். கணுவில் வெள்ளையாக முள் போல வேர் எட்டிப்பார்க்கும். ஒரு பைக்கு இரண்டு துண்டு போதும். மூன்று போட்டால் கிழங்கு எண்ணிக்கை கூடும், அளவு சுருங்கும். துண்டைச் செங்குத்தாகக் குத்தாமல் சாய்வாகப் படுக்கவைத்து, இலை கிள்ளிய நாலு கணுவும் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும்படி மூடுங்கள். நுனி வெளியே நிற்கட்டும். நடுவது சாயங்கால வேலை. இரண்டு நாள் வாடிக் கிடக்கும், மூன்றாம் நாள் நிமிரும்.

ஒரு பையின் கணக்கு

மார்ச் 2ஆம் தேதி நட்டதாக வைத்துக்கொள்வோம். தேதியைப் பையிலேயே எழுதிவிடுங்கள். அறுவடைக்கு அந்தத் தேதியைத்தான் முதலில் பார்ப்பீர்கள்.

முதல் பத்து நாள் தினமும் காலையில் தண்ணீர். அதற்குப் பிறகு விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும். இந்த முதல் மாதத்தில் கவனம் தப்பக் கூடாது. மண் எலும்பாகக் காய்ந்தாலும் சேறாக நின்றாலும் பருக்க வேண்டிய வேர் இறுகி நாராகிவிடும், பின்னால் எந்த உரமும் அதைத் திருப்பாது. பெருமழைக்குப் பிறகு அடியில் தண்ணீர் வடிகிறதா என்று பாருங்கள். வடியாவிட்டால் ஒரு கம்பியால் ஓட்டைகளைக் குத்திவிடுங்கள்.

மார்ச் 16, இரண்டு வாரம். புது இலை வந்திருக்கும். 15:15:15 என்ற பச்சை உரம் ஒரு தேக்கரண்டி, பை ஓரமாகத் தூவி மண்ணைக் கிளறிவிடுங்கள். கொடி அடியில் போடக் கூடாது.

மார்ச் 30, நாலு வாரம். முதல் மண். இதற்குள் கலவை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அமுங்கியிருக்கும், கொடி அடியில் வேர் தலை காட்டும். எடுத்து வைத்த கலவையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள், இந்தப் பைக்கு அரை வாளிக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். கொடிகளை ஒரு கையால் சேர்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அடியைச் சுற்றிப் போட்டால் ஓடும் கொடி மண்ணுக்குள் மாட்டாது. கொடியின் அடி மூன்று சென்டிமீட்டர் மறைவது நல்லதுதான். பெண்வண்டு முட்டையிடத் தேடும் இடங்களில் அதுவும் ஒன்று.

ஏப்ரலில் மேற்குக் கரைப் பக்கம் சாயங்காலத்து இடிமழை பிடித்துக்கொள்ளும். துணிப்பையில் மேல்மண் தெறித்து ஓரமெல்லாம் அழுக்காகும். அதைப் பார்க்கும்போதே உள்ளே எவ்வளவு குறைந்திருக்கும் என்று ஊகிக்கலாம். காய்ந்த லாலான் புல்லோ வைக்கோலோ மெல்லியதாகப் பரப்பினால் தெறிப்பு நிற்கும்.

ஏப்ரல் 21, ஐம்பதாம் நாள். இரண்டாவது மண், மறுபடியும் மூன்று சென்டிமீட்டர். அதற்கு முன் 12:12:17:2 என்ற நீல உரம் இரண்டு தேக்கரண்டி ஓரமாகத் தூவிவிட்டு அதன்மேல் மண் போடுங்கள். சாம்பல்சத்துக்கான எண் அந்த 17. இதோடு உரம் முடிந்தது. கொடி கொஞ்சம் வெளிறித் தெரிகிறதே என்று மூன்றாவது மாதத்தில் பச்சை உரம் போடுகிறவர்கள் நிறைய. அடுத்த வாரமே கொடி கொழுகொழுவென்று ஆகும், கிழங்கு அப்படியே நின்றுவிடும்.

மே 11, எழுபதாம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை குனிந்து பார்க்க வேண்டும். கொடி அடியிலிருந்து சூரியக்கதிர் மாதிரி விரிசல் ஓடியிருந்தால் உள்ளே கிழங்கு தள்ளுகிறது என்று அர்த்தம். இப்போது பை முழுக்க மண் பரப்பத் தேவையில்லை. காய்ந்த கலவையைச் சல்லடையில் சலித்து, விரிசலுக்குள் கையால் தூவி, பூவாளியால் லேசாகத் தண்ணீர் தெளித்து இறக்கிவிடுங்கள். கிழங்கின் தோள் வெளியே தெரிந்தால் அதன்மேல் இரண்டு விரல் உயரத்துக்கு மூடுங்கள். உருளை மாதிரி வெயிலில் நஞ்சாகாது, ஆனால் வண்டு முட்டையிட அதைவிடச் சௌகரியமான இடம் கிடையாது. கிழங்கு எடுக்கும் வரை இந்த விரிசல் அடைப்பு தொடரட்டும்.

கொடி பையை விட்டு வழிந்து தரை தொடும் இடத்தில் கணுவுக்குக் கணு வேர் விடும். பத்து நாளுக்கு ஒரு முறை கொடியைத் தூக்கித் திருப்பிப் போட்டால் போதும், அல்லது சிமெண்ட் தரைமேல் ஓட விடுங்கள். வாரத்துக்கு ஒரு கைப்பிடி நுனி கிள்ளிக் கீரை சமைக்கலாம். அதற்கு மேல் பறித்தால் கிழங்கில் குறையும். உருளைச் செடியின் இலையை மட்டும் இப்படிப் பறித்துவிடாதீர்கள், அது நஞ்சு.

எப்போது எடுப்பது

குளிர் நாட்டில் பனி விழுந்து கொடி கருகும், அதைப் பார்த்து எடுப்பார்கள். இங்கே சக்கரவள்ளிக் கொடி தானாகச் சாவதே இல்லை. ஆறு மாதம் ஆனாலும் பச்சையாக ஓடிக்கொண்டிருக்கும். இலை காயட்டும் என்று காத்திருந்தால் கிழங்கு நாராகும், மழையில் பிளக்கும், எலியும் வண்டும் முந்திக்கொள்ளும். அதனால் முதல் அளவுகோல் நாள் கணக்குதான். நட்டு 100 நாளில் சோதனை பார்க்கத் தொடங்குங்கள், 120 நாளைத் தாண்ட விடாதீர்கள். நம் பைக்கு அது ஜூன் 10 முதல் ஜூன் 30 வரை.

அடி இலைகள் சில மஞ்சளாவதும் மண் வெடிப்பதும் துணை அடையாளங்கள். இவற்றை மட்டும் நம்பக் கூடாது, வெயிலில் காய்ந்த மண்ணும் வெடிக்கும். உறுதியான சோதனை இது. பை ஓரத்தில் விரலால் மெதுவாகத் துழாவி ஒரு கிழங்கை எட்டுங்கள். மூன்று விரல் சேர்ந்த அகலத்துக்குக் குறைவாக இருந்தால் மூடிவிட்டு இரண்டு வாரம் பொறுங்கள். அந்தப் பருமன் வந்திருந்தால் ஒன்றை மட்டும் உடைத்தெடுத்துக் குறுக்கே வெட்டி, நிழலில் சில நிமிடம் வையுங்கள். வெட்டுவாயில் வடியும் பால் வெள்ளையாகவே உலர்ந்தால் முற்றிவிட்டது. கருப்பாகவோ கரும்பச்சையாகவோ மாறினால் இன்னும் இளசு. ஊதாச் சதையில் நிறமாற்றம் சரியாகத் தெரியாது. அதற்கு நாள் கணக்கும் பருமனும்தான்.

முற்றியது தெரிந்ததும் ஒரு வாரம் தண்ணீரை நிறுத்துங்கள். மழை வந்தால் பையின் வாயை ஒரு பிளாஸ்டிக்கால் மூடுங்கள். எடுப்பதற்கு மூன்று நாள் முன்பு கொடியை அடியில் ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டால் தோல் இறுகும். பிறகு தார்ப்பாய் விரித்துப் பையைப் படுக்கவைத்து ஓரத்தைக் கிழித்தோ தட்டியோ மண்ணை உதிர்க்கலாம். மண்வெட்டி வேண்டாம், கைதான். எல்லாம் சரியாக நடந்தால் இப்படி ஒரு பையில் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை எதிர்பார்க்கலாம்.

கிழங்கைக் கழுவாதீர்கள். மண்ணை உதிர்த்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் காற்றாடும் நிழலில் ஐந்து நாள் பரப்பி வையுங்கள். 30 டிகிரி வெப்பமும் நல்ல ஈரக் காற்றும் இருந்தால் உரசிய இடம் தானாக ஆறித் தோல் கட்டும். மற்ற நாட்டில் அதற்கு அறை கட்டிச் சூடேற்றுகிறார்கள், நமக்கு அஞ்சடியிலேயே கிடைக்கிறது. மாவு இனிப்பாக மாறுவதும் இந்த நாட்களில்தான். அன்றைக்கே அவித்துவிட்டுச் சப்பென்று இருக்கிறதே என்று ரகத்தைக் குறை சொல்ல வேண்டாம். குளிர்ப்பெட்டியில் வைத்தால் நடுச்சதை கட்டியாகி, அவித்தாலும் வேகாது.

எதிர்பார்த்தது வராவிட்டால்

பென்சில் வேர்களும் பெருங்கொடியும் மட்டும் இருந்தால் தழைச்சத்து கூடிவிட்டது, நிழல் அதிகம், அல்லது முதல் மாதத்தில் தண்ணீர் நின்றது. மூன்றில் எது என்று பிரித்தறியலாம். இலை கரும்பச்சையாகத் தடித்திருந்தால் உரம், இலைக்காம்பு நீண்டு கொடி மெலிந்திருந்தால் நிழல், வேர்கள் கருத்து நாறினால் தண்ணீர்.

கிழங்கில் குண்டூசி முனை அளவில் கருப்பு ஓட்டைகள் இருந்து, உள்ளே பழுப்பாகப் புளித்த வாடை அடித்தால் கூன்வண்டு. ஆளைப் பார்க்க எறும்பு மாதிரி ஒல்லியாக, நீலக்கருப்பு உடலும் செம்மஞ்சள் கழுத்துமாக இருக்கும். அதன் புழு தின்ற கிழங்கு முழுதும் கசக்கும். கெட்ட இடத்தை வெட்டிவிட்டு மீதியைச் சமைத்தாலும் கசப்பு போகாது, ஆடு மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது. அப்படிப்பட்ட கிழங்கையும் அடிக்கொடியையும் எருக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். அந்த மண்ணைக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் கட்டி ஒரு மாதம் வெயிலில் வைத்து, அடுத்து வெண்டையோ கத்தரியோ போடலாம். கங்கோங் வேண்டாம், அது சக்கரவள்ளிக்குச் சொந்தம், வண்டுக்கு அதுவும் சாப்பாடுதான்.

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் எலி தனிக் கணக்கு. பையின் அடி ஓரத்தைக் கடித்து உள்ளே போய்ப் பெரிய கிழங்கிலிருந்து தொடங்கும். எழுபதாம் நாளுக்கு முன்பே பையைச் சுற்றிக் கோழிக்கூண்டுக் கம்பிவலையை, சின்னக் கண் உள்ளதாகப் பார்த்து, அடி வரை இறக்கிக் கட்டிவிடுங்கள்.

அடுத்த நடவுக்குக் கொடி எடுப்பது, அறுவடைக்கு வெட்டும் அன்றைக்கே. நல்ல கிழங்கு கொடுத்த பையின் கொடியில், அடியை விட்டுவிட்டு நுனி 30 சென்டிமீட்டர் மட்டும். வண்டு முட்டை இருப்பது பெரும்பாலும் அடித்தண்டில், நுனியில் அரிது. வெட்டிய நுனிகளைச் சின்னப் பாலிபேக்கில் குத்தி வைத்தால், கிழங்கு ஆறும் வரை கொடியும் உயிரோடு காத்திருக்கும்.